ஒரு மணிநேரப் பிரசங்கத்துல எங்க வெட்டுறது? தனியா நிக்கிற இடத்த எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

பின்வரிசை பெஞ்சு | 10-03-2025, இரவு 9:40

எங்க சபைல லெந்து கூட்டம் நடக்குது, கேமரா எடிட்டிங் ரெண்டும் நான்தான். நேத்து செய்தி 52 நிமிஷம், லூக்கா 15ல வர்ற ரெண்டு மகன்கள் உவமை. கூட்டம் முடிஞ்சதும் போதகர் ஐயா கூப்பிட்டு, "தம்பி, முழுசா யாரும் உக்காந்து பாக்கமாட்டாங்க, நாலஞ்சு சின்னத் துண்டா எடுத்துப் போடேன்"னு சொன்னாரு. யூடியூப் ஷார்ட்ஸ்ல 2024 அக்டோபர் 15லருந்து 3 நிமிஷம் வரைக்கும் போடலாம்னு ஆயிருச்சு, அதனால நீளம் பிரச்சனை இல்ல. எங்க ஆரம்பிக்கிறது எங்க முடிக்கிறதுங்கிறதுதான் பிரச்சனை.

நான் பண்ணுனது இதுதான். கூட்டத்துல எல்லாரும் நிமிர்ந்து உக்காந்த ஒரு இடம் இருக்கு, 34ஆவது நிமிஷம். ஐயா நல்லா குரல உயர்த்தி "இவன வீட்டுக்குள்ள சேக்கவே கூடாது! சொத்த அழிச்சவன் தெருவுல நிக்கட்டும்! நான் இத்தன வருஷம் உழைச்சேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கெடச்சுதா?"ன்னு பேசுறாரு. 34:10லருந்து 34:52 வரைக்கும் 42 செகண்ட். 34:52ல அவரே நிறுத்துறாரு, சபையே அமைதி, வெட்டுறதுக்கு இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்னு அங்கயே வெட்டி காலைல போட்டுட்டேன்.

மத்தியானத்துக்குள்ள நாலு பேரு போன். "உங்க ஐயா என்னப்பா, பாவம் செஞ்சவன் கோயிலுக்கே வரக்கூடாதுங்காரு?"ன்னு. திரும்பப் போய் கேட்டாத்தான் தெரியுது, 34:55ல "அப்படின்னு மூத்தவன் நினைக்கான்"னு சொல்றாரு. அந்த மூணு செகண்ட் மௌனத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான் விஷயமே. வீடியோவ எடுத்துட்டேன், ஐயாகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன், ஆனா அதுக்குள்ள எத்தன போன்ல இறங்கிருச்சோ தெரியல, ராத்திரி வரைக்கும் மனசு அதுலயே கெடக்கு.

கேள்வி: தனியா எடுத்தாலும் அர்த்தம் மாறாத இடத்த நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

ஜெபவீட்டு அக்கா | 10-03-2025, இரவு 10:15

தம்பி எங்க சபைலயும் இதே தொல்லைதான், 1 மணிநேர செய்தி வாட்ஸ்அப்ல போகவே மாட்டேங்குது. நான் மூணு மூணு நிமிஷமா சமமா வெட்டி 1, 2, 3னு நம்பர் போட்டு குரூப்ல போட்டுருவேன், 20 துண்டு வரும். வயசானவங்க வரிசையா கேட்டுக்கிறாங்க. நீங்களும் அப்படிப் பண்ணலாமே.

பின்வரிசை பெஞ்சு | 10-03-2025, இரவு 10:31

அக்கா அது வேற தேவை. உங்க குரூப்ல இருக்கவங்க 1லருந்து 20 வரைக்கும் கேப்பாங்க, அவங்களுக்கு எங்க வெட்டுனாலும் அடுத்த துண்டுல தொடர்ச்சி இருக்கு. நான் சொல்றது வேற ஆளு. பஸ்ஸுல போகும்போது ஷார்ட்ஸ் தள்ளிக்கிட்டே வர்றவரு, நம்ம சபை எதுன்னே தெரியாதவரு, அந்த ஒரு துண்டத்தான் பாக்கப்போறாரு, அதுக்கு முன்னாலயும் ஒண்ணும் இல்ல பின்னாலயும் ஒண்ணும் இல்ல.

வேகவெட்டு | 10-03-2025, இரவு 11:02

ப்ரோ இதுக்கு இவ்ளோ யோசிக்கணுமா. பேசுறவரு விஷயத்த முடிச்சா மூச்சு விடுவாரு, மௌனம் இருக்க எடந்தான் எல்லை. `ffmpeg`ல மௌனம் கண்டுபிடிக்கிற வடிகட்டி இருக்கு, மொத்த லிஸ்ட்டயும் ரெண்டு நிமிஷத்துல குடுத்துரும்:

```
ffmpeg -i lent2.mp4 -af silencedetect -f null -
```

வர்ற நேரத்த வச்சு `-c copy` போட்டு வெட்டுங்க, மறுபடி என்கோட் பண்ணத் தேவையே இல்ல, தரம் துளிகூடக் குறையாது, ஒரு துண்டு ஒரு செகண்ட்ல ரெடி.

பின்வரிசை பெஞ்சு | 11-03-2025, காலை 7:20

ஓட்டிப் பாத்தேன். ஒரு வரிகூட வரல, 52 நிமிஷத்துக்கும் மௌனமே இல்லைங்குது. எங்க கோயில்ல எட்டு ஃபேன் ஓடுது, அதனாலயா?

மிக்ஸர் அண்ணாச்சி | 11-03-2025, காலை 8:45

ஆமா தம்பி, ஃபேன்தான். அந்த வடிகட்டிய சும்மா போட்டா மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழ, அதுவும் 2 செகண்ட் நின்னாத்தான் மௌனம்னு எடுத்துக்கும். ஃபேன் ஓடுற கோயில்ல மைனஸ் 60 எந்தக் காலத்துலயும் வராது. இப்படிக் குடுங்க:

```
ffmpeg -i lent2.mp4 -af silencedetect=noise=-32dB:d=0.7 -f null -
```

மைனஸ் 32 உங்க கோயிலுக்குச் சரியா வருமான்னு பிரசங்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால இருக்க அமைதியான பத்து செகண்ட மட்டும் எடுத்து அளவு பாத்துக்கோங்க, அதவிட மூணு நாலு டெசிபல் மேல வையுங்க.

ஆனா இதோட லிஸ்ட்ட நம்பி வெட்டாதீங்க. நேத்து நடந்ததே அதுக்கு சாட்சி. நல்ல பிரசங்கியார் விஷயத்த முடிச்சுட்டு மௌனமா இருக்கமாட்டாரு, முடிக்கிறதுக்கு முன்னால மௌனமா இருப்பாரு. சபை மனசுக்குள்ள "அடுத்து என்ன"ன்னு கேக்கணும், அதுக்குத்தான் நிறுத்துறது. அதனால 52 நிமிஷத்துல பெரிய மௌனம் எங்க இருக்கோ அங்க வெட்டுறது பெரும்பாலும் பாதிப் பேச்ச வெட்டுறதா ஆயிரும். மௌனம் கத்திய எந்த நொடியில வைக்கணும்னு மட்டும் காட்டும், எந்தப் பேச்சுக்கு அப்புறம் வைக்கணும்னு காதுதான் சொல்லணும்.

நான் ரெக்கார்டிங்குக்கு வந்தது கேசட் காலத்துல. 60 நிமிஷக் கேசட்டுன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம். 45 நிமிஷப் பிரசங்கத்த நடுவுல பக்கம் மாத்தியாகணும். 27ஆவது நிமிஷத்துலருந்தே நான் காதத் தீட்டி வச்சுக்கிட்டு, "இப்ப ஒரு விஷயம் முடியுது"ன்னு பிடிச்சு அங்க நிறுத்தணும். தப்பாப் பிடிச்சா, பக்கம் திருப்புற வரைக்கும் வீட்டுல கேக்கிறவங்க தப்பான அர்த்தத்தோட உக்காந்திருப்பாங்க. அப்ப பழகுன ஒரு பழக்கம் இன்னைக்கும் கைல இருக்கு: ஆரம்பத்தத் தேடாத, முதல்ல முடிவத் தேடு, அதுலருந்து பின்னால வா.

ஏன்னா நம்ம பாஷை அப்படி. யாரு சொன்னா, நம்பிச் சொன்னாரா மறுத்துச் சொன்னாரா எல்லாமே கடைசியிலதான் வரும். "ன்னு நினைக்கான்", "ன்னு சொல்லுதாங்க", "ன்னு நீங்க கேக்கலாம்". ஒரு நிமிஷம் முழுக்க ஒருத்தர் குரல்ல பேசிட்டு, கடைசி "ன்னு"ல எல்லாத்தயும் அடுத்தவன் தலையில வைக்கலாம். அந்த "ன்னு"க்கு முன்னால வெட்டுனா முழுப் பேச்சும் பிரசங்கியாரோட சொந்த வாக்கா ஆயிரும்.

பின்வரிசை பெஞ்சு | 11-03-2025, காலை 9:30

அண்ணாச்சி இது எனக்குப் படவே இல்ல, நாலு வருஷமா எடிட் பண்றேன். இப்ப மைனஸ் 32 போட்டு ஓட்டுனேன், என்னோட 34:52 இப்படி வந்துருக்கு:

```
silence_start: 2092.1
silence_end: 2095.0 | silence_duration: 2.9
```

52 நிமிஷத்துல இதுதான் ரெண்டாவது பெரிய மௌனம். இந்த லிஸ்ட்ட மட்டும் பாத்திருந்தாலும் சரியா அதே எடத்துலதான் வெட்டியிருப்பேன்.

வேகவெட்டு | 11-03-2025, காலை 10:05

ஓகே அது ஏத்துக்கிறேன் அண்ணா, மௌனம் மட்டும் போதாது. ஆனா "ன்னு" இருக்கான்னு பாத்து அது வரைக்கும் நீட்டுனா வேல முடிஞ்சுதே? 34:57 வரைக்கும் வச்சா சரியாப்போச்சு.

மிக்ஸர் அண்ணாச்சி | 11-03-2025, மதியம் 1:10

பாதி சரி. "ன்னு மூத்தவன் நினைக்கான்"னு முடிச்சா பழி போயிரும், ஆனா செய்தி வராது. மூத்தவன் அப்படி நினைக்கான், சரி, அதுக்கு என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் அந்தத் துண்டுக்குள்ளயே இருக்கணும். தம்பி, 34:55க்கு அப்புறம் ஐயா என்ன பேசுறாரு?

பின்வரிசை பெஞ்சு | 11-03-2025, மாலை 6:40

இப்ப ஹெட்செட் போட்டு 33லருந்து 37 வரைக்கும் எழுத்துக்கு எழுத்து நோட்டுல எழுதுனேன், நாலு நிமிஷத்துக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. எழுதுனதுக்கு அப்புறந்தான் எலும்புக்கூடு தெரியுது, கேக்கும்போது குரல் இழுத்துட்டுப் போயிருது.

33:40ல "நம்ம போன வாரம் பாத்தோம்ல, அதே மாதிரிதான் இங்கயும்" (இது வெளியாளுக்கு ஒண்ணும் புரியாது). 33:58ல "மூத்தவன் வாசல்ல நிக்கான். உள்ள பாட்டுச் சத்தம். வரமாட்டேங்கான்." 34:10லருந்து அவனோட கோபம். 34:55 "அப்படின்னு மூத்தவன் நினைக்கான்." 35:02லருந்து, தகப்பன் என்ன பண்ணாரு, ஆள அனுப்பல, வேலைக்காரன அனுப்பல, விருந்த விட்டுட்டு அவரே வெளியே வந்து அவன வருந்தி அழைச்சாரு. கடைசியா "தூரத்துல வந்தவனுக்காகவும் ஓடுனாரு, வாசல்ல நின்னவனுக்காகவும் வெளிய வந்தாரு." அதோட 35:40ல அந்த விஷயம் முடியுது. 35:43ல "நம்ம சபைலயும் சில பேரு"ன்னு அடுத்த பேச்சுக்குப் போயிடுறாரு.

அண்ணாச்சி சொன்னபடி முடிவுலருந்து பின்னால வந்தா, முடிவு 35:40. அதுக்குத் தகப்பன் வெளிய வந்தது வேணும், அதுக்கு மூத்தவன் கோபம் வேணும், அதுக்கு மூத்தவன் யாரு எங்க நிக்கான்னு வேணும். 33:58ல நின்னுருச்சு. அதுக்கு முன்னால இருக்க எதுவும் தேவைப்படல. 102 செகண்ட்.

நான் முதல்ல போட்டது இந்த 102ல நடுவுல இருக்க 42. சத்தமான 42.

மிக்ஸர் அண்ணாச்சி | 11-03-2025, இரவு 8:00

அதேதான். இன்னொண்ணும் கவனிச்சீங்களா, 33:58ல ஆரம்பிச்சதால "மூத்தவன் வாசல்ல நிக்கான்"ங்கிறது முன்னாலயே வந்துருச்சு. பத்தாவது செகண்ட்ல தள்ளிட்டுப் போறவனுக்குக்கூட இது மூத்தவன் பேச்சுன்னு தெரிஞ்சுருக்கும். கடைசி "ன்னு" வரைக்கும் யாரு உக்காந்திருப்பான்னு நம்மால சொல்ல முடியாது, அதனால யாரு குரல்ங்கிறது முதல்லயும் இருக்கணும்.

அப்புறம் அந்த `-c copy` விஷயம். வேகவெட்டுத் தம்பி சொன்னது தரத்தப் பொறுத்த வரைக்கும் உண்மை. ஆனா அது நீங்க சொன்ன நொடியில வெட்டாது, அதுக்கு முன்னால எங்க ஒரு முழுப்படம் சேமிச்சிருக்கோ அங்கதான் ஆரம்பிக்கும். அது எத்தன செகண்டுக்கு ஒண்ணுங்கிறது ரெக்கார்ட் பண்ண செட்டிங்கப் பொறுத்தது, சிலதுல 10 செகண்ட் வரைக்கும்கூட இடைவெளி இருக்கும். 33:58 கேட்டா 33:50லருந்து வரும், இல்லாட்டி சத்தம் ஓடும் படம் உறைஞ்சு நிக்கும். நம்ம வேலைல அரை செகண்ட் முக்கியம், அதனால மறுபடி என்கோட் பண்ணித்தான் ஆகணும். இந்த நீளத்துக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

```
ffmpeg -ss 00:33:57.6 -to 00:35:41 -i lent2.mp4 \
 -c:v libx264 -crf 20 -c:a aac \
 -af "afade=t=out:st=102.6:d=0.8" clip1.mp4
```

முன்னால 0.4 செகண்ட் விட்டிருக்கேன், அவரு மூச்ச இழுக்கிறது கேக்கணும், இல்லாட்டி முதல் சொல்லு முட்டிக்கிட்டு வரும். பின்னால ஒரு செகண்ட், ஏன்னா கோயில்ல எதிரொலி இருக்கு. சொல்லு முடிஞ்ச உடனே வெட்டுனா எதிரொலி கத்தரிச்ச மாதிரி நிக்கும், ஆளுக்கு எதுன்னு சொல்லத் தெரியாது ஆனா உறுத்தும். அதனாலதான் கடைசி 0.8 செகண்ட் மெல்ல இறங்குது.

பின்வரிசை பெஞ்சு | 12-03-2025, காலை 6:50

வெட்டியாச்சு, நல்லா வந்துருக்கு. ஆனா இப்ப எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. நான் பிரசங்கத்த நேர்ல கேட்டேன், ரெக்கார்டிங்ல ஆறு தடவ கேட்டேன், எனக்கு எந்தத் துண்டக் குடுத்தாலும் புரியத்தானே செய்யும். மண்டைக்குள்ள மிச்ச 50 நிமிஷமும் ஓடிக்கிட்டே இருக்கு.

அதனால மதினிகிட்ட காட்டுனேன். அவங்க வேற சபை, அன்னைக்கு வரல. முதல்ல "நல்லா இருக்கா"ன்னு கேட்டேன், "நல்லா இருக்கு"ன்னாங்க, அது ஒண்ணுக்கும் உதவல. அப்புறம் "அவரு என்ன சொல்றாரு, ஒரு வரில சொல்லுங்க"ன்னு கேட்டேன். "தகப்பனார் ரெண்டு பிள்ளைக்காகவும் வீட்ட விட்டு வெளிய வந்தாரு"ன்னாங்க. போதும்.

பிறகு நான் எடுத்துட்ட பழைய 42 செகண்ட பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காட்டி அதே கேள்விய கேட்டேன். "தப்பு பண்ணவங்கள மன்னிக்கக் கூடாதுங்காரு"ன்னான். பத்து வயசு அவனுக்கு.

கிராமத்துப் போதகர் | 12-03-2025, காலை 11:25

பேசுற பக்கத்துலருந்து ஒரு வார்த்த சொல்லலாமா. நான் ஒரு பிரசங்கம் ஆயத்தம் பண்ண நாலஞ்சு நாள் எடுக்கிறேன். முதல் பாதில மனுஷனோட நிலைமையச் சொல்வேன், கடினமாத்தான் இருக்கும். ரெண்டாம் பாதியிலதான் கிருபையச் சொல்வேன். நீங்க எவ்வளவு கவனமா வெட்டுனாலும் முதல் பாதிலருந்து எடுத்தா கேக்கிறவருக்குக் கண்டிப்பு மட்டுந்தான் போய்ச் சேரும். வாக்கியம் முழுசா இருக்கும், செய்தி பாதியா இருக்கும். எனக்கு இந்தத் துண்டு போடுறதே மனசுக்கு ஒப்பல, வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க கேக்கிறாங்கன்னு அனுமதிச்சிருக்கேன்.

பின்வரிசை பெஞ்சு | 12-03-2025, மதியம் 2:15

ஐயா நீங்க சொன்னத வச்சு எங்க பிரசங்கத்தத் திரும்பப் பாத்தேன். நான் குறிச்சு வச்சிருந்த 14 இடத்துல 9 இடம் முதல் 25 நிமிஷத்துல இருக்கு. அதுல ஆறு, இளையவன் கெட்டுப்போனதப் பத்தி மட்டும். அத அப்படியே வரிசையாப் போட்டிருந்தா எங்க சபை சேனலுக்கு வர்றவங்க ஒரு மாசம் முழுக்க பன்னித் தீவனத்தப் பத்தி மட்டுந்தான் கேட்டிருப்பாங்க. அந்த ஆறயும் எடுத்துட்டேன். வாக்கியமாப் பாத்தா ஆறும் முழுசுதான், அதுதான் எனக்கு யோசனையா இருக்கு.

வேகவெட்டு | 12-03-2025, மாலை 5:30

ஐயா, மரியாதையோட ஒண்ணு கேக்கிறேன். கடைசி பாதில இருக்கிற அந்த உச்சக்கட்டம், எல்லாரும் கண்ணீர் விட்ட இடம், அதத் தனியாப் போட்டா என்ன? கிருபையும் இருக்கு, உணர்ச்சியும் இருக்கு. இன்னொண்ணு, 35:40ல இருக்க அந்த ஒரு வரிய எடுத்து முன்னால மூணு செகண்ட் ஒட்டிட்டு அப்புறம் 33:58லருந்து ஓட விட்டா ஆளு நிப்பான். ஆரம்ப மூணு செகண்ட்ல பிடிக்கலன்னா இந்த 102 செகண்ட் யாருக்கு?

மிக்ஸர் அண்ணாச்சி | 12-03-2025, இரவு 9:10

உச்சக்கட்டத்தத் தொடாதீங்க. அது முன்னால போன 40 நிமிஷத்து மேல ஏறி நிக்குது. தனியா எடுத்தா ஒருத்தர் சத்தம் போட்டு அழுறாரு, சபை அழுது, பாக்கிறவனுக்கு ஏன்னு தெரியாது. அதுல இன்னொரு கஷ்டம், அந்த நேரத்துல கீபோர்டு வாசிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. பேச்ச எங்க வெட்டுனாலும் ராகம் பாதில அறுந்து நிக்கும்.

நான் தேடுறது அதுக்கு முன்னால இருக்க மெல்லிய இடம். குரல் இறங்கி, சாதாரணமாப் பேசுவாரு, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. ஒரு சின்னக் கதை, இல்லாட்டி வேத வசனத்துல ஒரே ஒரு சொல்ல எடுத்து விளக்குறது, இல்லாட்டி அவரே ஒரு கேள்விய எழுப்பி அவரே பதில் சொல்றது. இந்த மூணும் தானாவே தலையும் வாலும் உள்ளது. சத்தமான இடத்த விட இதுதான் தனியா நிக்கும்.

முன்னால ஒட்டுறதப் பத்தி எனக்கு உடன்பாடு இல்ல. அவரு சொன்ன வரிசை ஒண்ணு, நீங்க காட்டுற வரிசை வேற. இருமல், மைக் தட்டுன சத்தம், ஒரே வரிய ரெண்டு தடவ சொன்னது, இத நடுவுல எடுக்கலாம். வரிசைய மாத்துறது என் கைக்கு வராது.

வேகவெட்டு | 12-03-2025, இரவு 9:48

அவரோட சொல்லுதானே அண்ணா, நான் எதையும் புதுசா சேக்கலயே. செய்தித்தாள்ல தலைப்பு முன்னால வர்றதில்லையா? இதுல நான் உங்களோட ஒத்துப்போகல.

பின்வரிசை பெஞ்சு | 13-03-2025, காலை 7:05

எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது, ஆனா கை அண்ணாச்சி பக்கம் போகுது. காரணம் எளிசு: கடைசி வரிய முதல்லயே கேட்டுட்டா, மூத்தவன் கோபப்படும்போது நமக்கு அவன்மேல ஒரு பரிதாபமே வரல, ஒட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பதில் தெரிஞ்ச கேள்வி மாதிரி ஆயிருது. வேகவெட்டு மாதிரி பண்றவங்க வேற விதமா ஒட்டிப் பாத்திருந்தா சொல்லுங்க.

அண்ணாச்சி சொன்ன மெல்லிய இடத்தத் தேடிப்போய் ஒண்ணு கெடச்சுது. 28ஆவது நிமிஷம், நான் குறிச்ச 14லயும் அது இல்ல, ஏன்னா கூட்டத்துல அப்ப யாரும் ஒண்ணும் சொல்லல, ஒரு ஆமென் கூட இல்ல. ஐயா ஒரு சொல்ல எடுக்கிறாரு. மூத்தவன் தகப்பன்கிட்ட தம்பியப் பத்திப் பேசும்போது "என் தம்பி"ன்னு சொல்லல, "உம்முடைய குமாரனாகிய இவன்"னு சொல்றான், கைய கழுவி விடுறான். தகப்பன் பதில் சொல்லும்போது அதத் திருப்பி அவன்கிட்டயே குடுக்கிறாரு, "உன் சகோதரனாகிய இவனோ"ன்னு. லூக்கா 15ல 30ஆம் வசனமும் 32ஆம் வசனமும். நான் எத்தனையோ தடவ வாசிச்ச பகுதி, எனக்கு அந்தச் சொல்லு வித்தியாசம் கண்ணுல பட்டதே இல்ல.

28:05லருந்து 29:33 வரைக்கும் 88 செகண்ட். முதல்ல 27:52ல இருக்க "இப்ப ரெண்டாவது காரியத்துக்கு வருவோம், இங்க கவனிங்க"லருந்து எடுத்தேன். "ரெண்டாவது"ன்னு கேட்ட உடனே பாக்கிறவன் முதலாவது எதுன்னு தேடுவான். அதனால 28:05க்கு நகத்திட்டேன்.

எல்லை ஊர்க்காரன் | 13-03-2025, மதியம் 12:30

எங்க கேஸ் இன்னும் சிக்கல். வெளியூர்லருந்து வர்ற பிரசங்கியார் இங்கிலீஷ்ல பேசுவாரு, பக்கத்துல ஒருத்தர் தமிழ்ல மொழிபெயர்ப்பாரு, வரிக்கு வரி. 90 செகண்ட் விஷயம் 3 நிமிஷத்தத் தாண்டிருது. இங்கிலீஷ எடுத்துட்டுத் தமிழ மட்டும் ஒட்டிப் பாத்தோம், படத்துல பிரசங்கியார் வாய மூடிக்கிட்டு நிக்காரு, குரல் மட்டும் பக்கத்துலருந்து வருது. அதோட மொழிபெயர்க்கிறவரு "ன்னு"வ அடுத்த வரிக்குத் தள்ளிடுவாரு, ஏன்னா இங்கிலீஷ்ல யாரு சொன்னாங்கிறது முதல்லயே வந்துரும், இவரு சில நேரம் "மூத்தவன் சொல்றான்"னு முன்னால போடுறாரு, சில நேரம் மறந்துடுறாரு. யாராவது இதச் சமாளிச்சிருக்கீங்களா?

மிக்ஸர் அண்ணாச்சி | 13-03-2025, இரவு 8:20

நான் செஞ்சு பாத்தது, மொழிபெயர்ப்பாளருக்குத் தனி மைக் தனி டிராக் வச்சு, கேமராவ ரெண்டு பேரும் தெரியுற மாதிரி அகலமா வைக்கிறது. அப்ப தமிழ மட்டும் வச்சாலும் பேசுற ஆளு படத்துல இருக்காரு. ஆனா ரெண்டு பேரு ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பேசுற எடத்துல மைக் ரெண்டுலயும் ரெண்டு குரலும் விழுந்துரும், அங்க நான் கைவிட்டுட்டேன். முழுசாத் தீந்த வழி என்கிட்ட இல்ல.

ஜெபவீட்டு அக்கா | 14-03-2025, காலை 6:15

நான் முதல்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல தம்பி, இப்பத்தான் மேலருந்து எல்லாத்தையும் வாசிச்சேன். ஒரு விஷயம் கேக்கணும். எங்க பாஸ்டர் போன மாசம் ஒரு செய்தில எங்க சபைக் குடும்பம் ஒண்ணோட கடன் கதையச் சொன்னாரு, பேரு சொல்லல, ஆனா சபைல எல்லாருக்கும் யாருன்னு தெரியும். அது தலையும் வாலும் உள்ள நல்ல கதைதான், அண்ணாச்சி சொன்ன கணக்குல தனியா நிக்கும். அதப் போடலாமா?

பின்வரிசை பெஞ்சு | 14-03-2025, காலை 7:40

அக்கா அத அவங்ககிட்ட கேக்காம போடாதீங்க. கோயில்ல 150 பேரு முன்னால சொன்னதுக்கு அவங்க சம்மதிச்சிருக்கலாம், அவங்களோட சொந்தக்காரங்க, கடன் குடுத்தவரு எல்லாரும் போன்ல பாக்கிறதுக்குச் சம்மதிச்சாங்கன்னு அர்த்தமில்ல. முழு வீடியோல அது 40ஆவது நிமிஷத்துல இருக்கும், தேடிப்போற ஆளுதான் பாப்பான். துண்டாப் போட்டா அதுமட்டுந்தான் முன்னால நிக்கும். எங்க ஐயா பிரசங்கத்துலயும் 41ல ஒரு தெருவச் சொல்லி ஒரு கதை இருக்கு, உங்க கேள்விக்கு அப்புறம் அதயும் லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன். 14ல இப்ப ஏழுதான் மிச்சம், 28ஆவது நிமிஷத்தச் சேத்தா எட்டு.

கிராமத்துப் போதகர் | 14-03-2025, இரவு 9:55

தம்பி, அந்த 88 செகண்ட் துண்ட அனுப்புனீங்களே, கேட்டேன். ஒரு சந்தேகம். உவமையே தெரியாதவருக்கு இது எப்படிப் போகும்? "தகப்பன்", "மூத்தவன்"னு சொல்றாரு, யாரு தகப்பன் யாரு மூத்தவன்? சபைக்குப் பழகுனவங்களுக்கு அது கேள்வியே இல்ல. உங்க மதினி வேற சபைன்னாலும் சபைக்காரங்கதானே.

பின்வரிசை பெஞ்சு | 15-03-2025, மாலை 4:30

ஐயா சொன்னது சரி. என்னோட வேலை பாக்கிற ஒரு அண்ணன்கிட்ட காட்டுனேன், கோயில் பக்கம் வந்ததில்ல அவரு. "ஏதோ சொத்துத் தகராறு போல"ன்னாரு. 102 செகண்ட் துண்டு அவருக்குப் புரிஞ்சுது, ஏன்னா வாசல்ல ஒருத்தன் நிக்கான், உள்ள விருந்து, தகப்பன் வெளிய வர்றாருன்னு காட்சி தானே நிக்குது. 88க்குக் காட்சி இல்ல, சொல்லு மட்டுந்தான்.

படத்துக்கு மேல முதல் ஆறு செகண்ட் ரெண்டு வரி எழுத்துப் போட்டேன்: "சொத்தை அழித்துவிட்டு இளையவன் வீடு திரும்புகிறான். அண்ணனுக்குக் கோபம். (லூக்கா 15)". திரும்ப அதே அண்ணன்கிட்ட காட்டுனா ஏற்கனவே பாத்தவரு, கணக்குல வராது. வேற ஒருத்தர்கிட்ட காட்டுனேன். "தம்பியத் தம்பின்னு கூப்பிட மாட்டேங்கான், அப்பா விடமாட்டேங்காரு"ன்னாரு. இதவிட நல்லா நான் எழுதியிருக்க முடியாது, அதயே தலைப்பா வச்சுக்கலாமான்னு கேட்டேன், சரின்னாரு.

மிக்ஸர் அண்ணாச்சி | 15-03-2025, இரவு 7:15

எழுத்துப் போடுறது எனக்கு அவ்வளவா பிடிக்காது, அது ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோல் வேணும்னா துண்டு தனியா நிக்கலன்னு அர்த்தம். ஆனா உங்க ஆளு சொன்ன பதிலப் பாத்தா மறுக்கவும் முடியல. ரெண்டு வரிக்கு மேல போனா மட்டும் அந்தத் துண்ட விட்டுருங்க.

பின்வரிசை பெஞ்சு | 16-03-2025, இரவு 10:20

இன்னைக்கு ரெண்டாவது வாரக் கூட்டம் முடிஞ்சுது, 58 நிமிஷம். இந்தத் தடவ ஒண்ணு மாத்திப் பண்ணேன். கேமராவுக்குப் பின்னால நோட்டு வச்சுக்கிட்டு, ஒரு விஷயம் முடியுதுன்னு தோணுன உடனே நேரத்த மட்டும் எழுதுனேன், ஆரம்பத்த எழுதவே இல்ல. 11 நேரம் இருக்கு. வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணுலருந்தும் பின்னால நடந்து பாத்தேன். அதுல மூணு நேரம், ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு ஆரம்பத்துல நின்னுருச்சு. நாலு, பின்னால போய்க்கிட்டே இருக்கு, பத்து நிமிஷம் போயும் "அதனாலதான்"லதான் நிக்குது, அத அப்படியே விட்டுட்டேன். மிச்ச நாலு இன்னும் கேக்கல.

பழைய எட்டுல 102ம் 88ம் போட்டாச்சு. ஐயா ரெண்டயும் போடுறதுக்கு முன்னாலயே பாத்தாரு, இனிமே எல்லாமே அவரு பாத்துட்டுத்தான். 102ஐ பாத்துட்டு, "முன்னால 'உள்ள பாட்டுச் சத்தம்'னு சொல்றேன்ல, அங்க ஒரு நொடி கூட விடு, அவசரப்படுது"ன்னாரு. ரெக்கார்டிங்ல அங்க இருக்கிறதே அரை செகண்ட்தான், நான் ஒண்ணும் வெட்டல. அவரு பேசும்போது அது நீளமா இருந்ததா அவருக்கு ஞாபகம்.

எல்லை ஊர்க்காரன் கேட்ட மொழிபெயர்ப்பு விஷயம் இன்னும் தொங்குது. யாருகிட்டயாவது ரெண்டு மைக் வச்சு ரெக்கார்ட் பண்ண அஞ்சு நிமிஷம் இருந்தா, ஏறிப் பேசுற இடத்த எப்படிக் கையாளுறீங்கன்னு இங்கயே எழுதுங்க, ஏப்ரல் கன்வென்ஷனுக்கு எங்களுக்கும் வெளியூர்ப் பிரசங்கியார் வர்றாரு.